1, 2, 2, 1 எங்கிருந்து வந்தது? நான்காம் வரிசை ருங்கே-குட்டா முறையும் டெய்லர் தொடரும்



எண்ணியல் முறைகள் பாடத்தில் வகைக்கெழுச் சமன்பாட்டுக்கு வந்ததும் மாணவர்கள் இந்தச் சூத்திரத்தை மனப்பாடம் செய்துவிடுவாங்க:

```
k1 = f(x, y)
k2 = f(x + h/2, y + (h/2) k1)
k3 = f(x + h/2, y + (h/2) k2)
k4 = f(x + h,   y + h k3)
y_new = y + (h/6)(k1 + 2 k2 + 2 k3 + k4)
```

கேள்வி வந்தால் எண்ணைப் போட்டு விடையையும் எடுத்துவிடுவாங்க. ஆனால் வகுப்பில் யாராவது ஒருவர் கையைத் தூக்கி, "டீச்சர், ஏன் 1, 2, 2, 1? ஏன் 1, 3, 1, 1 இல்லை? நடுவில் ஏன் ஒரே இடத்துக்கு இரண்டு தடவை போறோம்?" என்று கேட்டால் என்ன சொல்வது? "அப்படித்தான் சூத்திரம்" என்பது பதில் ஆகாது. காரணம் தெரியாத மாணவர் சூத்திரத்தில் ஒரு சின்ன இடத்தைத் தவறாக எழுதினாலும் அது அவருக்குத் தெரியாது. விடை ஓரளவு சரியாகத்தான் தோன்றும். அந்தத் தவறு எவ்வளவு பெரியது என்பதைக் கட்டுரையின் பின்பகுதியில் எண்களோடு பார்ப்போம்.

இந்தக் கேள்விக்கான பதில் முழுவதும் டெய்லர் தொடரில் இருக்கிறது. உறுப்புக்கு உறுப்பு ஒப்பிட்டால் 1, 2, 2, 1 தானாக வந்து விழும்.

நாம் எதைப் பிடிக்கப் பார்க்கிறோம்?

சமன்பாடு y' = f(x, y). இப்போது x என்ற இடத்தில் y-இன் மதிப்பு தெரியும். h தூரம் தள்ளி மதிப்பு என்ன? டெய்லர் தொடர் சொல்வது இது:

```
y(x+h) = y + h y' + (h²/2) y'' + (h³/6) y''' + (h⁴/24) y'''' + ...
```

இதில் y' என்பது f. அது கையில் இருக்கிறது. y'' வேண்டுமென்றால் f-ஐ மறுபடி வகையிட வேண்டும். y-யும் x-ஐப் பொறுத்து மாறுவதால் சங்கிலி விதி வருகிறது:

```
y'' = f_x + f f_y
```

f_x என்பது x-ஐப் பொறுத்த பகுதி வகைக்கெழு, f_y என்பது y-ஐப் பொறுத்தது. அடுத்து y''' வேண்டுமென்றால் இதையே மறுபடி வகையிடணும். உறுப்புகள் பெருகிக்கொண்டே போகும். y''''-க்கு வரும்போது ஒரு பக்கம் நிறைந்துவிடும். ஒவ்வொரு புதிய சமன்பாட்டுக்கும் இந்த வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டும்.

ருங்கே-குட்டா முறையின் யோசனை எளிது. f-ஐ வகையிட வேண்டாம். அதற்குப் பதிலாக f-ஐச் சில வெவ்வேறு புள்ளிகளில் கணக்கிடுவோம். அந்தச் சாய்வுகளைச் சரியான எடையோடு கூட்டினால், கூட்டுத்தொகையின் தொடர் டெய்லர் தொடரோடு முதல் சில உறுப்புகள் வரை ஒத்துப்போகும்படி செய்யலாம். h⁴ உறுப்பு வரை ஒத்துப்போனால் அதை நான்காம் வரிசை முறை என்கிறோம். இங்கே வரிசை என்பது துல்லியத்தின் வரிசை. சமன்பாட்டின் வரிசை இல்லை. நம்முடைய சமன்பாடு முதல் வரிசைதான். மாணவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வாங்க, முதலிலேயே சொல்லிவிடுங்க.

1895-இல் கார்ல் ருங்கே இந்த வழியைத் தொடங்கினார். 1900-இல் கார்ல் ஹாய்ன் அதை விரித்தார். மேலே உள்ள நான்கு சாய்வுச் சூத்திரத்தை 1901-இல் வில்ஹெல்ம் குட்டா கொடுத்தார்.

முதலில் இரண்டு சாய்வு

நேராக நான்குக்குப் போனால் தலை சுற்றும். இரண்டில் தொடங்குவோம். இரண்டாம் சாய்வை எந்த இடத்தில் எடுப்பது, எவ்வளவு எடை கொடுப்பது என்பதை இப்போதைக்கு முடிவு செய்யாமல் எழுத்துகளாகவே வைப்போம்:

```
k1 = f(x, y)
k2 = f(x + c h, y + c h k1)
y_new = y + h (b1 k1 + b2 k2)
```

k1 என்பது f தான். k2-ஐ விரிக்க வேண்டும். x பக்கம் c h தூரமும் y பக்கம் c h f தூரமும் நகர்ந்திருக்கிறோம். ஆகவே முதல் உறுப்பு வரை,

```
k2 = f + c h (f_x + f f_y) + ...
```

அடைப்புக்குள் இருப்பதைப் பாருங்க. அது y''-ஏ தான்! நாம் வகையிடவே இல்லை. கொஞ்சம் முன்னால் போய்ச் சாய்வைப் பார்த்தோம், அவ்வளவுதான். y'' தானாக உள்ளே வந்துவிட்டது. இதைச் சூத்திரத்தில் போட்டால்:

```
y_new = y + h (b1 + b2) f + h² (b2 c)(f_x + f f_y) + ...
```

டெய்லர் தொடரில் h-இன் கெழு 1, h²-இன் கெழு 1/2. இரண்டையும் ஒப்பிட்டால்,

```
b1 + b2 = 1
b2 c = 1/2
```

தெரியாதவை மூன்று, நிபந்தனைகள் இரண்டு. ஆகவே ஒன்றை நாமே தேர்ந்தெடுக்கலாம். c = 1 என்றால் இரண்டு எடையும் 1/2. இதுதான் சிங்கப்பூர் எச்2 மேற்கணித மாணவர்கள் படிக்கும் மேம்படுத்திய ஆய்லர் முறை. c = 1/2 என்றால் b1 = 0, b2 = 1; அது நடுப்புள்ளி முறை. பார்ப்பதற்கு இரண்டும் வேறு வேறு. ஆனால் ஒரே இரண்டு நிபந்தனைகளின் இரண்டு விடைகள்தான்.

இரண்டு சாய்வால் ஏன் மூன்றாம் வரிசைக்குப் போக முடியாது?

ஒரு தெரிவு இன்னும் கையில் இருக்கிறதே, அதை வைத்து h³ உறுப்பையும் பிடித்துவிடலாமே என்று கெட்டிக்கார மாணவர் கேட்பார். முடியாது. காரணத்தை மிக எளிய ஒரு சமன்பாட்டில் காட்டலாம்: y' = y, y = 1 என்று தொடங்குவோம். சரியான விடை eʰ, அதாவது 1 + h + h²/2 + h³/6 + h⁴/24 + ...

இங்கே k1 = 1. k2 = 1 + c h. இதில் h² கிடையாது. y_new-ஐப் பெற இதை ஒரு h-ஆல் பெருக்குகிறோம். ஆகவே y_new-இல் h² வரைதான் வரும். h³ உறுப்பே இல்லாதபோது 1/6-ஐ எப்படிக் கொண்டுவருவது? எந்த c போட்டாலும் வராது.

இதை ஏணி மாதிரி நினைக்கலாம். k2 என்பது k1-ஐ மிதித்து ஏறுகிறது, அதனால் h வரை எட்டுகிறது. k3 என்பது k2-ஐ மிதித்தால் h² வரை எட்டும். k4 என்பது k3-ஐ மிதித்தால் h³ வரை எட்டும். வெளியில் உள்ள h-உம் சேரும்போது நான்கு சாய்வுக்கு h⁴ வரை வருகிறது. ஆகவே நான்காம் வரிசை வேண்டுமென்றால் குறைந்தது நான்கு சாய்வு வேண்டும். ஒவ்வொரு சாய்வும் முந்தையதைப் பயன்படுத்துவது இதற்காகத்தான்.

இப்போது 1, 2, 2, 1

குட்டாவின் சூத்திரத்தின் வடிவத்தை வைத்துக்கொள்வோம்: தொடக்கத்தில் ஒரு சாய்வு, நடுவில் இரண்டு, முடிவில் ஒன்று. எடைகளை மட்டும் தெரியாதவையாக b1, b2, b3, b4 என்று வைப்போம். இரண்டு எளிய சமன்பாடுகளே நான்கு எடையையும் சொல்லிவிடும்.

முதல் சமன்பாட்டில் f-க்குள் y-யே இல்லை என்று வைப்போம்: y' = f(x). அப்போது விடை வெறும் தொகையீடு. k2-உம் k3-உம் ஒரே x-இல் எடுக்கப்படுவதால் இரண்டும் ஒரே எண். ஆகவே சூத்திரம் தொடக்கம், நடு, முடிவு என்ற மூன்று மதிப்புகளைக் கூட்டுகிறது. மூன்று புள்ளியில் மிகத் துல்லியமானது எது? நமக்குத் தெரிந்த சிம்சன் விதி: 1/6, 4/6, 1/6. சிம்சன் விதி மூன்றாம் அடுக்கு வரை உள்ள பல்லுறுப்புக் கோவைகளுக்குச் சரியான விடை தரும் என்பதால் h⁴ உறுப்பு வரை ஒத்துப்போகிறது. ஆகவே,

```
b1 = 1/6,  b4 = 1/6,  b2 + b3 = 4/6
```

1-உம் 1-உம் வந்தாச்சு. நடுவில் உள்ள 4-ஐ எப்படிப் பங்கு போடுவது? அதைச் சிம்சன் சொல்லாது, ஏனென்றால் அங்கே k2-உம் k3-உம் ஒன்றே. இரண்டாவது சமன்பாடாக மறுபடியும் y' = y-ஐ எடுப்போம், y = 1:

```
k1 = 1
k2 = 1 + h/2
k3 = 1 + h/2 + h²/4
k4 = 1 + h + h²/2 + h³/4
```

டெய்லர் தொடரில் h³-இன் கெழு 1/6. நம் சூத்திரத்தில் h³ எங்கிருந்து வரும்? k3-இலும் k4-இலும் உள்ள h² உறுப்புகளிலிருந்து. ஆகவே,

```
b3/4 + b4/2 = 1/6
b3/4 + 1/12 = 1/6
b3 = 1/3
```

1/3 என்றால் 2/6. அப்படியானால் b2-உம் 2/6. நான்கைச் சரிபாதியாகப் பிரித்தது அழகுக்காக இல்லை; h³-இன் கெழு 1/6 ஆக வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக. 1, 3, 1, 1 என்று போட்டால் தொகையீட்டுக்குச் சரியாகவே வரும், ஆனால் y' = y-இல் h³ உறுப்பு தவறிவிடும்.

கடைசியாக h⁴. அது k4-இன் h³ உறுப்பிலிருந்து மட்டும் வருகிறது: 1/6 × 1/4 = 1/24. டெய்லர் கேட்பதும் அதே 1/24. ஒத்துப்போகிறது.

எட்டு நிபந்தனை

இத்தோடு முடிந்ததா? இன்னும் இல்லை. இதுவரை பார்த்தவை x மட்டும் உள்ள சமன்பாடும் y மட்டும் உள்ள ஒரு சமன்பாடும். பொதுவான f(x, y)-க்கு டெய்லர் தொடரை விரித்தால் h-இல் ஒரு வகை உறுப்பு, h²-இல் ஒன்று, h³-இல் இரண்டு, h⁴-இல் நான்கு வருகின்றன. மொத்தம் எட்டு நிபந்தனைகள். தொகையீடு அவற்றில் நான்கைச் சோதித்தது. y' = y மேலும் இரண்டைச் சோதித்தது. மீதி இரண்டும் h⁴-இல் வரும் கலப்பு உறுப்புகள். X-உம் y-யும் சேர்ந்து வேலை செய்யும் இடங்கள்.

அவற்றையும் முழு விரிவு எழுதாமலே பார்க்கலாம். y' = y + x², x = 0-இல் y = 0 என்று எடுங்க. சரியான விடை h³/3 + h⁴/12 + h⁵/60 + ... நம் சூத்திரம்:

```
k1 = 0
k2 = h²/4
k3 = h²/4 + h³/8
k4 = h² + h³/4 + h⁴/8
y_new = h³/3 + h⁴/12 + h⁵/48
```

h⁴ வரை ஒத்துப்போகிறது. h⁵-இல் 1/60 வர வேண்டிய இடத்தில் 1/48 வந்திருக்கிறது. முறை எங்கே நிற்கிறது என்பது கண்ணுக்கே தெரிகிறது.

எட்டாவது நிபந்தனைக்கு y' = x + x y, அதே தொடக்கம். சரியான விடை h²/2 + h⁴/8 என்று தொடங்கும். மாணவர்களையே k1 முதல் k4 வரை எழுதச் சொல்லுங்க. H⁴/8 சரியாக வரும்.

நான்கு சாய்வு முறையில் நம் கையில் உள்ள கெழுக்கள் பத்து: நான்கு எடைகள், எந்தச் சாய்வு எந்தச் சாய்வை எவ்வளவு பயன்படுத்துகிறது என்பதற்கு ஆறு. நிபந்தனைகள் எட்டு. அதனால் இங்கேயும் விடை ஒன்றே ஒன்று இல்லை. 1, 3, 3, 1 என்ற எடைகளோடு 1/8 வைத்து எழுதும் இன்னொரு நான்காம் வரிசை முறையையும் குட்டாவே கொடுத்திருக்கிறார். அதில் நடுச் சாய்வுகள் h/3, 2h/3 என்ற இடங்களில் எடுக்கப்படும். எடையை மட்டும் மாற்றி இடத்தை மாற்றாமல் விட்டால் அது வேலை செய்யாது.

ஒரு கணக்கு முழுவதும்

y' = x + y, y(0) = 1. y(0.2) வேண்டும். சரியான விடை y = 2eˣ − x − 1, ஆகவே y(0.2) = 1.2428055. ஒரே படியில் h = 0.2 என்று போடுவோம்:

```
k1 = 0   + 1     = 1
k2 = 0.1 + 1.1   = 1.2
k3 = 0.1 + 1.12  = 1.22
k4 = 0.2 + 1.244 = 1.444
y_new = 1 + (0.2/6)(1 + 2.4 + 2.44 + 1.444) = 1.2428
```

பிழை 0.0000055.

இதை மற்ற முறைகளோடு நியாயமாக ஒப்பிட வேண்டும். நாம் f-ஐ நான்கு தடவை கணக்கிட்டோம். அதே நான்கு தடவையை ஆய்லர் முறைக்குக் கொடுத்தால் h = 0.05-இல் நான்கு படிகள், விடை 1.2310, பிழை 0.0118. மேம்படுத்திய ஆய்லருக்குக் கொடுத்தால் h = 0.1-இல் இரண்டு படிகள், விடை 1.24205, பிழை 0.00076. வேலை ஒன்றே. பிழை மட்டும் நூறு மடங்குக்கு மேல், இரண்டாயிரம் மடங்குக்கு மேல் வேறுபடுகிறது.

பாதியாக்கிப் பாருங்க

ஒரு படியில் விட்டுப்போகும் முதல் உறுப்பு h⁵. h-ஐப் பாதியாக்கினால் ஒரு படியின் பிழை 32-இல் ஒரு பங்கு ஆகும். ஆனால் அதே தூரம் போக இரண்டு மடங்கு படிகள் வேண்டும். ஆகவே மொத்தப் பிழை 16-இல் ஒரு பங்கு. நான்காம் வரிசை என்று சொல்வது இந்த மொத்தப் பிழை h⁴ போல குறைவதைத்தான்.

நம் கணக்கில் h = 0.2-இல் பிழை 0.000005516. h = 0.1-இல் இரண்டு படி போனால் 0.000000375. விகிதம் 14.7. h = 0.05-இல் 0.0000000244; விகிதம் 15.3. h சிறிதாகச் சிறிதாக விகிதம் 16-ஐ நெருங்குகிறது.

இந்த விகிதம்தான் சூத்திரத்தைச் சரியாக எழுதியிருக்கிறோமா என்று கண்டுபிடிக்க நல்ல கருவி. மாணவர்கள் செய்யும் இரண்டு தவறுகளை வைத்துப் பார்ப்போம்.

முதல் தவறு: k3-இல் k2-ஐப் போடாமல் மறுபடியும் k1-ஐப் போடுவது. மேலே உள்ள கணக்கில் h = 0.2-க்கு விடை 1.24133 வரும், பிழை 0.00147. h = 0.1-க்குப் பிழை 0.000387. விகிதம் 3.8, அதாவது 4-ஐ நோக்கிப் போகிறது. முறை இரண்டாம் வரிசைக்கு இறங்கிவிட்டது. ஏணியில் ஒரு படி உடைந்துவிட்டது: k3 இப்போது k2-ஐ மிதிக்கவில்லை, y' = y-இல் h³-இன் கெழு 1/6-க்குப் பதில் 1/12 ஆகிறது.

இரண்டாம் தவறு: k2-இலும் k3-இலும் y-ஐச் சரியாக நகர்த்திவிட்டு, x-ஐ x + h/2 ஆக்க மறந்துவிடுவது. இது ரொம்ப அதிகமாக நடக்கும் தவறு. அதே கணக்கில்:

```
k1 = 0   + 1     = 1
k2 = 0   + 1.1   = 1.1
k3 = 0   + 1.11  = 1.11
k4 = 0.2 + 1.222 = 1.422
y_new = 1.22807
```

பிழை 0.01474. h = 0.1-இல் இரண்டு படி போனால் விடை 1.23543, பிழை 0.00738. விகிதம் ஏறக்குறைய சரியாக 2. நான்கு சாய்வு கணக்கிட்ட பிறகும் கையில் இருப்பது முதல் வரிசை முறை! அதே நான்கு கணக்கீட்டில் ஆய்லரின் பிழை 0.0118 என்று பார்த்தோமே, அதைவிடவும் மோசம்.

இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. இந்தத் தவறான சூத்திரத்தை y' = y-இல் போட்டுச் சோதித்தால் எந்தக் குறையும் தெரியாது. அங்கே x-ஏ இல்லை, ஆகவே x-ஐ நகர்த்த மறந்தது வெளியே வராது. விகிதம் அழகாக 16-ஐ நெருங்கும். எட்டு நிபந்தனைகளில் x சம்பந்தப்பட்டவற்றை அந்தச் சோதனை தொடவே இல்லை. ஆகவே மாணவருக்குச் சோதனைக் கணக்கு கொடுக்கும்போது x-உம் y-யும் இரண்டும் உள்ள f-ஐக் கொடுங்க. கணினி நிரலில் எழுதச் சொன்னாலும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

எங்கே இந்த முறை காலை வாரும்?

உறுப்புகள் ஒத்துப்போகின்றன என்றால் விட்டுப்போனவை சிறியவை என்று அர்த்தம் இல்லை. y' = −20y, y(0) = 1 என்ற சமன்பாட்டில் h = 0.2 போட்டுப் பாருங்க. y' = y-க்குக் கிடைத்த கோவையில் h-க்குப் பதில் −20 × 0.2 = −4 வரும்:

```
1 − 4 + 16/2 − 64/6 + 256/24 = 5
```

சரியான விடை ஒரு படியில் 0.018 ஆகச் சுருங்க வேண்டும். நம் முறையோ ஒவ்வொரு படியிலும் 5-ஆல் பெருக்குகிறது: 5, 25, 125... சூத்திரத்தில் தவறு இல்லை. e⁻⁴-இன் தொடரில் ஐந்து உறுப்புகள் மட்டும் எடுத்தால் அது e⁻⁴-ஐப் போல இருக்காது, அவ்வளவுதான். h = 0.05 என்றால் −1 வரும். கோவையின் மதிப்பு 0.375, சரியான மதிப்பு 0.368. இப்போ பரவாயில்லை. வேகமாகத் தணியும் விடைகளில் துல்லிய வரிசையை நம்பி h-ஐப் பெரிதாக வைக்கக்கூடாது.

அதேபோல், f-க்கு நான்கு தடவை வகையிடும் அளவுக்கு வழவழப்பு இல்லாவிட்டால், ஒப்பிட வேண்டிய டெய்லர் தொடரே இல்லை. f-இல் நடுவில் ஒரு முறிவு இருந்தால் விகிதம் 16 வராது. அந்த முறிவில் ஒரு படி முடிந்து அடுத்தது தொடங்கும்படி h-ஐ அமைப்பது நல்லது.

கடைசியாக, ஐந்து சாய்வு போட்டால் ஐந்தாம் வரிசை கிடைக்குமா என்று கேட்கும் மாணவருக்கு: கிடைக்காது. ஐந்தாம் வரிசைக்கு நிபந்தனைகள் பதினேழு ஆகிவிடுகின்றன. ஐந்து சாய்வில் உள்ள பதினைந்து கெழுக்களால் அவற்றை நிறைவேற்ற முடியாது என்று நியூசிலாந்துக் கணிதவியலாளர் ஜான் புட்சர் நிரூபித்தார். குறைந்தது ஆறு சாய்வு வேண்டும். ஒரு சாய்வுக்கு ஒரு வரிசை என்ற கணக்கு நான்கோடு நின்றுவிடுகிறது. பாடநூல்கள் நான்காம் வரிசையில் நிற்பதற்கு இது ஒரு நல்ல காரணம்.

வகுப்பில் நேரம் குறைவாக இருந்தால் மூன்று வேலை போதும். y' = y-க்கு k1 முதல் k4 வரை எழுதி h³/6, h⁴/24 வருவதைக் காட்டுங்க. y' = f(x) என்று வைத்துச் சிம்சன் விதி வெளிவருவதைக் காட்டுங்க. பிறகு y' = x + y-ஐ h = 0.2, h = 0.1 இரண்டிலும் மாணவர்களே செய்து பிழைகளின் விகிதத்தைக் கண்டுபிடிக்கட்டும். 15-க்குப் பக்கத்தில் வந்தால் சூத்திரம் சரி. 4 வந்தால் k3-ஐப் பாருங்க. 2 வந்தால் x-ஐ நகர்த்தினீர்களா என்று பாருங்க.